பாட்டிலைப் பார்த்துக்கொள் என்பது பதிலா?

கேள்வி: வணக்கம் மேடம். ஆன்லைனில் 50 மில்லி கொரிய ஃபேஸ் சீரம் ஒன்றை 1,150 ரூபாய்க்கு வாங்கினேன். பொருள் விவரத்தில் தயாரிப்பாளர் என்ற இடத்தில் ‘Generic’, எக்ஸ்பைரி என்ற இடத்தில் ‘See package’ என்று போட்டிருந்தது. எந்த நாட்டுப் பொருள் என்றே இல்லை. வந்த பாட்டிலில் முழுக்கக் கொரிய எழுத்து. ஒரு தேதி இருக்கிறது, அது செய்த தேதியா, முடியும் தேதியா தெரியவில்லை. திருப்பி அனுப்பக் கேட்டால் ‘அழகுப் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது’ என்கிறார்கள். இதையெல்லாம் வாங்கும் முன்பே காட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா? எங்கே, எப்படிப் புகார் செய்வது? — வாசகி, திருநெல்வேலி

பதில்: சட்டத்துக்குப் போவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஆர்டர் பக்கத்திலிருந்து அந்தப் பொருளின் பக்கத்தை இப்போதே திறந்து, மேலிருந்து கீழ்வரை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். ‘மேலும் விவரங்கள்’ என்று மடித்து வைத்திருக்கும் பகுதிகள் எல்லாவற்றையும் விரித்து எடுக்க வேண்டும். விற்பனையாளர் பெயர், விலை, அந்த ‘Generic’, ‘See package’ என்ற வரிகள், படத்தில் தேதியும் நேரமும் எல்லாம் தெரியட்டும். கணினி இருந்தால் பக்கத்தின் முழு முகவரியோடு பி.டி.எஃப். ஆகவும் சேமித்துவிடுங்கள்.

இவ்வளவு அவசரப்படுத்தக் காரணம் உண்டு. மதுரையில் நுகர்வோர் வழக்குகள் நடத்த ஆரம்பித்த புதிதில் ஒரு தாய் குழந்தை உணவுப் பவுடர் டின்னோடு என்னிடம் வந்தார். லிஸ்டிங்கில், அதாவது இணையத்தில் அந்தப் பொருளை விற்ற பக்கத்தில், இறக்குமதியாளர் பெயரே இல்லை என்றார். நான் நிதானமாக நோட்டீஸ் எழுதி அனுப்பினேன். நோட்டீஸ் போய்ச் சேர்ந்த மறுவாரம் பக்கத்தைத் திறந்து பார்த்தால் இறக்குமதியாளர் பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் அழகாக உட்கார்ந்திருந்தன. முன்பு இல்லை என்பதற்கு எங்கள் கையில் ஒரு படம்கூட இல்லை. டின்னில் இருந்த குறையை மட்டும் வைத்துத்தான் அந்த வழக்கைப் பேச வேண்டியிருந்தது. அன்றிலிருந்து யார் போன் செய்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி ‘படம் எடுத்தீர்களா?’ என்பதுதான். கடைப் பலகையை ராவோடு ராவாக மாற்றினால் தெருவில் நாலு பேர் பார்ப்பார்கள். லிஸ்டிங்கை மாற்றினால் யாருக்கும் தெரியாது.

இனி சட்டம். இரண்டு விதித்தொகுப்புகள் உங்களுக்குத் துணை நிற்கின்றன. முதலாவது, சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருள்கள்) விதிகள், 2011. மளிகைக் கடையில் பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பினால் தெரியும் பெயர், முகவரி, எடை, விலை எல்லாம் அந்த விதியால் வந்தவை. முன்பு அது பொட்டலத்தின் மேல் இருந்தால் போதும் என்றுதான் இருந்தது. 2017-இல் ஒரு திருத்தம் செய்து, 2018 ஜனவரி 1 முதல் அதே விவரங்கள் இணைய விற்பனைப் பக்கத்திலும் தெரிய வேண்டும் என்று 6-ஆம் விதியில் (10) என்ற உட்பிரிவைச் சேர்த்தார்கள். இரண்டாவது, நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், 2020. அந்த ஆண்டு ஜூலையில் வந்தது. விற்பனையாளர் என்னென்ன விவரம் கொடுக்க வேண்டும், பல விற்பனையாளர்களுக்கு இடம் கொடுக்கும் இணையச் சந்தையை நடத்துபவர் புகாரை எத்தனை நாளில் கவனிக்க வேண்டும் என்று சொல்வது இது.

இவற்றை உங்கள் சீரத்தோடு வைத்துப் பார்ப்போம். தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த பொருள் என்றால் இந்தியாவில் அதை இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். ‘Marketed by’ என்று ஒரு கம்பெனிப் பெயர் மட்டும் போட்டிருப்பதை நிறையப் பேர் தயாரிப்பாளர் என்று நினைத்துவிடுகிறார்கள். சந்தைப்படுத்துபவர் வேறு, செய்தவர் வேறு. ‘Generic’ என்பது யாருடைய பெயரும் இல்லை. விற்பனையாளர்கள் பொருள் விவரத்தை ஒரு படிவத்தில் நிரப்பி ஏற்றுகிறார்கள். கட்டாயக் கட்டம் காலியாக இருந்தால் படிவம் மேலே போகாது. அதனால் கைக்கு வந்த ஒரு சொல்லைப் போட்டுத் தாண்டிவிடுகிறார்கள். கட்டம் நிரம்பியிருக்கிறது என்பதற்காக விவரம் கொடுத்தாயிற்று என்று ஆகாது.

எந்த நாட்டுப் பொருள் என்பதும் கட்டாயம். பொட்டலப் பொருள்கள் விதி இறக்குமதிப் பொருள்களுக்கு இதைக் கேட்கிறது. மின்வணிக விதி, வாங்கும் முன் நுகர்வோர் தெரிந்து முடிவெடுக்கத் தேவையான விவரங்களில் ஒன்றாக நாட்டின் பெயரைச் சொல்கிறது. இது ஏட்டில் மட்டும் இருக்கும் விதி என்று நினைக்க வேண்டாம். 2020 அக்டோபரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை நாட்டின் பெரிய இணையச் சந்தைகளுக்கே இந்த ஒரு குறைக்காக நோட்டீஸ் அனுப்பியது. இவை தவிர பொருளின் பொதுப் பெயர், நிகர அளவு, எல்லா வரிகளும் சேர்ந்த அதிகபட்ச விலை, ஒரு மில்லிக்கு என்ன விலை என்ற கணக்கு, புகாருக்கான தொடர்பு விவரம் ஆகியவையும் வர வேண்டும். உங்கள் பக்கத்தில் இவை இருந்தனவா என்று படத்தை வைத்து ஒருமுறை சரிபாருங்கள். ஒரு சின்ன விலக்கையும் சொல்லிவிடுகிறேன். எடையாலோ அளவாலோ விற்கும் பொருள் 10 கிராம், 10 மில்லி அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் இந்தப் பொட்டல விதிகள் பொருந்தாது. உங்களுடையது 50 மில்லி, ஆகவே கவலை இல்லை. சின்ன மாதிரிப் பாட்டில் வாங்குபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

எக்ஸ்பைரி விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். விற்பவர்கள் வாதம் செய்வதும் வாங்குபவர்கள் தடுமாறுவதும் இங்கேதான். பொட்டலத்தில் உள்ள எல்லா விவரத்தையும் பக்கத்தில் காட்டு என்று சொல்லும் 6(10), ஒன்றை மட்டும் விலக்குகிறது: தயாரித்த அல்லது பொட்டலமிட்ட மாதமும் ஆண்டும். இதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. கடையில் நீங்கள் எடுப்பது உங்கள் கையில் இருக்கும் அந்த ஒரு பாட்டில். இணையப் பக்கமோ கிடங்கில் இருக்கும் ஆயிரம் பாட்டிலுக்கும் பொதுவானது. ஜனவரியில் செய்ததும் ஜூலையில் செய்ததும் பக்கத்துப் பக்கத்துப் பெட்டியில் இருக்கும். எது உங்களுக்கு வரும் என்று பக்கத்தில் எழுத முடியாது.

ஆனால் விலக்கு அதோடு முடிந்தது. காலப்போக்கில் மனிதர் பயன்படுத்தத் தகுதியற்றுப்போகும் பொருளுக்கு ‘எதுவரை பயன்படுத்தலாம்’ என்ற விவரம் தனி உட்பிரிவாக இருக்கிறது. அது விலக்கில் இல்லை. மின்வணிக விதியோ இன்னும் நேராகவே, விற்பனைக்கு வைத்த பொருளின் காலாவதித் தேதியை, பொருந்தும் இடங்களில், விற்பனையாளர் பக்கத்தில் காட்டுவதற்காகச் சந்தைக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது. ஆகவே தயாரித்த மாதம் பக்கத்தில் இல்லை என்று புகார் எழுதினால் அதைத் தள்ளிவிடுவார்கள். காலாவதி இல்லை என்று எழுதினால் தள்ள முடியாது. இந்த இரண்டையும் குழப்பி எழுதிய மனுக்கள் நிறைய என் மேசைக்கு வந்திருக்கின்றன. முதல் வரியிலேயே பிடி நழுவிவிடுகிறது.

இன்னொரு வித்தையும் உண்டு. ‘தயாரித்த நாளிலிருந்து 24 மாதம்’ என்று மட்டும் போட்டிருப்பார்கள். பார்க்கக் காலாவதி மாதிரிதான் இருக்கும். தயாரித்த நாள் தெரியாதபோது 24 மாதம் எங்கிருந்து தொடங்குகிறது? அது வாங்குபவருக்கு எதையும் சொல்லவில்லை. அப்படிப்பட்ட பக்கத்தைப் பார்த்தால் வாங்கும் முன்பே விற்பனையாளரிடம் கேள்வி கேட்கும் வசதியில், ‘இப்போது அனுப்பும் சரக்கின் காலாவதி மாதம் எது?’ என்று எழுதிக் கேளுங்கள். பதில் வந்தால் அது எழுத்தில் கிடைத்த உறுதி. அதற்கு மாறாகப் பழைய சரக்கு வந்தால் அந்த ஒரு வரியே உங்கள் வழக்கு. உணவுப் பொருள் என்றால் நமக்கு இன்னும் ஒரு பிடி இருக்கிறது. 2024 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், வீட்டுக்கு வந்து சேரும்போது உணவின் ஆயுளில் 30 சதவீதமாவது, அல்லது காலாவதிக்கு 45 நாளாவது மிச்சம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் உணவு விற்பவர்களிடம் சொல்லியிருக்கிறது. அழகுப் பொருளுக்கு இது பொருந்தாது.

‘See package’ என்ற வரிக்கு இனி வருகிறேன். வாங்கிய பிறகு பார்த்துக்கொள் என்று சொல்கிறது அது. வாங்கும் முன் தெரிய வேண்டும் என்பதற்காகவே எழுதப்பட்ட விதிக்கு அது பதில் ஆகாது. உங்கள் விஷயத்தில் பொட்டலத்தைப் பார்த்தும் தெரியவில்லை என்பது கூடுதல் குறை.

அந்தப் பாட்டிலை எடுத்து நன்றாகத் திருப்பிப் பாருங்கள். பெட்டியின் அடி, மூடியின் ஓரம், பாட்டிலின் கழுத்து எல்லாம். பொட்டல விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்க வேண்டும் என்பது விதி. வேறு மொழி கூடுதலாக இருக்கலாம், அது மட்டுமே இருக்கக் கூடாது. வெளிநாட்டுப் பெட்டியில் அவர்கள் மொழிதான் அச்சாகியிருக்கும் என்பதால், இறக்குமதியாளர் இந்திய விவரங்களை ஒரு லேபிளாக ஒட்டிக்கொள்ள விதி இடம் தருகிறது. முறைப்படி வந்த வெளிநாட்டுப் பொருளில் பெட்டியின் பின்புறம் வெள்ளை ஸ்டிக்கர் ஒன்று பார்த்திருப்பீர்கள். இறக்குமதியாளர் பெயர், முகவரி, அளவு, விலை, மாதம் என்று பொடி எழுத்தில் இருக்கும். அழகுப் பொருளுக்கு இன்னொன்றும் உண்டு. வெளிநாட்டு அழகுப் பொருளை இங்கே கொண்டுவர மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவுச் சான்றின் எண் ‘RC’ என்ற எழுத்துகளோடு லேபிளில் இருக்க வேண்டும்.

உங்கள் பாட்டிலில் அப்படி ஒரு ஸ்டிக்கரே இல்லை என்றால், லிஸ்டிங்கில் இறக்குமதியாளர் பெயர் விட்டுப்போனது கவனக்குறைவால் என்று நான் நம்பத் தயங்குவேன். போடுவதற்குப் பெயரே இல்லாமல் இருக்கலாம். முறையான இறக்குமதி வழியில் வராத சரக்கு என்ற சந்தேகம் அங்கே எழுகிறது. எழுகிறது என்றுதான் சொல்கிறேன், உறுதியாகச் சொல்லவில்லை. புகாரிலும் ‘கள்ளச் சரக்கு’ என்று எழுதாதீர்கள். ‘இறக்குமதியாளர் பெயரும் பதிவு எண்ணும் இல்லை’ என்று கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள். அதைக் கண்டுபிடிப்பது அதிகாரியின் வேலை.

தேதியைப் பற்றிக் கேட்டீர்கள். கொரியப் பொருள்களில் தேதி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் வரும். பக்கத்தில் இருக்கும் கொரியச் சொல்தான் அது செய்த நாளா, எதுவரை என்ற நாளா என்று சொல்கிறது. போனில் உள்ள மொழிபெயர்ப்பு வசதியைக் கேமராவில் காட்டினால் அர்த்தம் கிடைத்துவிடும். திறந்த டப்பா படத்துக்குள் ‘12M’ என்று இருந்தால் அது காலாவதி இல்லை, மூடியைத் திறந்த பிறகு எத்தனை மாதம் என்ற கணக்கு. ஆனால் இப்படிக் கண்டுபிடித்துவிட்டதால் அவர்கள் குறை தீர்ந்துவிடாது. உங்கள் நிம்மதிக்காக மட்டும் பாருங்கள். பாட்டிலைத் திறக்க வேண்டாம், முகத்தில் போடவும் வேண்டாம். பெட்டி, பில், வந்த கவர், அதன் மேல் ஒட்டிய ஷிப்பிங் லேபிள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைத்துவிடுங்கள்.

அடுத்து ‘ரிட்டர்ன் கிடையாது’ என்ற பதில். மனம் மாறித் திருப்புவதற்கு அவர்கள் கொள்கை செல்லும். நிறம் பிடிக்கவில்லை, வாசனை பிடிக்கவில்லை என்றால் அழகுப் பொருளைத் திரும்ப வாங்காதது நியாயம்தான், அதை இன்னொருவருக்கு விற்க முடியாது. ஆனால் பொருள் குறையுள்ளது, போலி, அல்லது விளம்பரப்படுத்திய தன்மையில் இல்லை என்றால் விற்பனையாளர் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்று மின்வணிக விதி சொல்கிறது. கடைக்காரர் தன் பக்கத்தில் எழுதிய கொள்கை அதற்கு மேல் போக முடியாது. கஸ்டமர் கேர் சாட்டில் உங்களுக்கு வந்தது தயாராக எழுதி வைத்த பதில். அங்கே மேலும் வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள். அந்த உரையாடலையும் படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

எழுத வேண்டியது குறைதீர் அலுவலருக்கு. ஒவ்வொரு இணைய விற்பனை நிறுவனமும் அப்படி ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட வேண்டும். பெரும்பாலும் பக்கத்தின் அடியில் ‘Grievance Officer’ என்ற பெயரில் இருக்கும். புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நீங்கள் மாதத்தின் 3-ஆம் தேதி மின்னஞ்சல் அனுப்பினால் 5-ஆம் தேதிக்குள் ஒப்புகை, அடுத்த மாதம் 3-ஆம் தேதிக்குள் முடிவு. புகாருக்கு ஓர் எண்ணும் தர வேண்டும். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் கடிதத்தில் அதற்கு இடம் கொடுக்காதீர்கள். இப்படி எழுதலாம்:

“ஆர்டர் எண் ___, நாள் ___. 50 மில்லி ஃபேஸ் சீரம், செலுத்திய தொகை 1,150 ரூபாய். வாங்கிய நாளில் பொருள் பக்கத்தில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, இறக்குமதியாளர் பெயர், முகவரி, தோற்ற நாடு, காலாவதி ஆகிய விவரங்கள் இல்லை, படங்கள் இணைப்பில். வந்த பாட்டிலில் ஆங்கிலத்திலோ இந்தியிலோ எந்த விவரமும் இல்லை, படங்கள் இணைப்பில். இது பொட்டலப் பொருள்கள் விதிகள் 2011, விதி 6-க்கும், மின்வணிக விதிகள் 2020, விதி 6-க்கும் மாறானது. கோருவது: முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும், பாட்டிலை உங்கள் செலவில் எடுத்துச் செல்ல வேண்டும், விற்பனையாளரின் முழு முகவரியையும் தொடர்பு விவரத்தையும் எழுத்தில் தர வேண்டும்.”

கடைசிக் கோரிக்கையை விட்டுவிடாதீர்கள். வாங்கிய பிறகு நுகர்வோர் எழுத்தில் கேட்டால் விற்பனையாளரின் விவரங்களைச் சந்தை நிறுவனம் தர வேண்டும். அதற்குள் உங்கள் பில்லையும் பாருங்கள். விற்பனையாளரின் ஜி.எஸ்.டி. எண்ணில் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைச் சொல்லும். 33 என்றால் தமிழ்நாடு, 29 கர்நாடகா, 07 டெல்லி.

இந்தக் கடிதத்துக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. ‘நாங்கள் இடம் மட்டுமே கொடுக்கிறோம், விவரம் சரியா தவறா என்பது விற்பவர் பொறுப்பு’ என்பது சந்தை நிறுவனங்களின் வழக்கமான பதில். விதியிலேயே அதற்கு இடம் இருக்கிறது, பொய்யில்லை. ஆனால் அந்தப் பாதுகாப்பு நிபந்தனையோடு வருகிறது. தன் கடமையை உரிய கவனத்தோடு செய்திருக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. மேலும் விவரம் சரியா என்பதுதான் விற்பவர் தலையில் விழுகிறது. விவரம் பக்கத்தில் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டியது சந்தைதான். நீங்கள் எழுத்தில் தெரிவித்த பிறகும் அதே ‘Generic’ பக்கம் நாலு வாரம் கழித்தும் ஓடிக்கொண்டிருந்தால், கவனத்தோடு இருந்தோம் என்று அவர்கள் எப்படிச் சொல்வார்கள்? அதனால் கடிதம் அனுப்பிய பிறகும் வாரம் ஒருமுறை அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள்.

கடிதத்தோடு கூடவே 1915-க்கும் அழைக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் அது. தமிழிலேயே பேசலாம். 8800001915 என்ற எண்ணுக்கு வாட்ஸப்பிலோ, consumerhelpline.gov.in தளத்திலோ படங்களோடு பதிவு செய்தால் இன்னும் நல்லது. அவர்கள் உங்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள். உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. இருந்தாலும், 1,150 ரூபாய் மாதிரித் தொகை பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே திரும்பி வந்துவிடுவதைத்தான் என் அனுபவத்தில் பார்க்கிறேன்.

பணம் வந்தவுடன் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். இங்கேதான் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பணம் உங்களுக்கும் விற்றவருக்கும் நடுவே உள்ள விஷயம். விவரம் இல்லாமல் விற்றது அரசுக்கும் அவருக்கும் நடுவே உள்ள விஷயம். அது பணத்தைத் திருப்பியதால் தீராது. நாளைக்கு அதே பக்கத்தில் இன்னொருத்தி வாங்குவாள், அவள் தோலுக்கு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. இந்தக் குறையை விசாரிக்கும் அதிகாரி சட்டமுறை எடையளவு ஆய்வாளர். தமிழ்நாட்டில் இந்தப் பிரிவு தொழிலாளர் துறையின் கீழ் இருக்கிறது. பலருக்கு இது தெரியாமல், எடையளவு அலுவலகம் எங்கே என்று கலெக்டர் அலுவலகத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். உங்கள் மாவட்டத்தில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்கு மனு எழுத வேண்டும். போனில் ‘TN-LMCTS’ என்ற செயலி மூலமும் புகார் தரலாம்.

இந்த மனுவில் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்காதீர்கள். அந்த அதிகாரியால் அது முடியாது. அவர் வழக்குப் பதிந்து அபராதம் விதிக்க நடவடிக்கை எடுப்பார், அபராதம் அரசுக்குப் போகும். ‘என் காசை வாங்கித் தாருங்கள்’ என்று எழுதினால் ‘நுகர்வோர் ஆணையத்தை அணுகவும்’ என்று ஒரு வரி பதிலோடு மனு திரும்பிவிடும். அங்கே எழுத வேண்டியது, இன்ன பக்கத்தில் இன்ன நாளில் இன்ன விவரங்கள் இல்லை, வந்த பொட்டலத்திலும் இல்லை, படங்களும் பில் நகலும் இணைப்பில், சட்டப்படி நடவடிக்கை எடுக்கக் கோருகிறேன் என்று மட்டுமே. விற்பனையாளர் வேறு மாநிலம் என்றால் மனு அங்கே அனுப்பப்படலாம், தாமதமும் ஆகலாம். அதைத் தடுக்க வழியில்லை. பெறப்பட்ட முத்திரையோடு நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ‘RC’ எண் இல்லாத விஷயத்தைத் தனி மனுவாக மாவட்ட மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு எழுதுங்கள். இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் ஒவ்வொரு அலுவலகமும் மற்றதைக் கைகாட்டும்.

ஒரு மாதம் கழித்தும் பணம் வரவில்லை என்றால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். விற்பவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் டெல்லிக்குப் போக வேண்டாம். குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வக்கீல் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, வக்கீலான நானே சொல்கிறேன். e-jagriti.gov.in தளத்தில் இணையம் வழியாகவே தாக்கல் செய்யலாம். விற்பனையாளர், சந்தை நிறுவனம் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் அவர்மேல் பழி போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். விலை, மன உளைச்சலுக்கான இழப்பீடு, வழக்குச் செலவு மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை ஆதாரமாகக் கொடுக்கும்போது, எந்தக் கருவியில் யார் எடுத்தது என்று பாரதிய சாட்சிய அதினியம் 2023, பிரிவு 63-இன்படி ஒரு சான்றும் இணைத்துவிட்டால் எதிர்த்தரப்பு அதில் குறை பிடிக்க முடியாது.

இந்தத் தொகைக்கு ஆணையம் வரை போக வேண்டுமா என்று நீங்கள் யோசிப்பீர்கள். நேர்மையாகச் சொன்னால், எழுத்தில் மறுப்பு வந்தால் ஒழிய நான் முதலில் அங்கே போகச் சொல்ல மாட்டேன். சில தவணைகளாவது ஆகும், உங்கள் நேரத்துக்கும் விலை உண்டு. ஆனால் சீரத்தை ஏற்கெனவே போட்டு முகத்தில் தடிப்போ எரிச்சலோ வந்திருந்தால் கதை வேறு. அப்போது மருத்துவரிடம் போய், எந்தப் பொருளை எந்த நாளில் போட்டீர்கள் என்பதையும் சீட்டில் எழுதச் சொல்லி வாங்குங்கள். மிச்சம் இருக்கும் திரவத்தைக் கொட்டாமல் மூடி வையுங்கள். அந்த நிலையில் 1,150 ரூபாயோடு விஷயம் நிற்காது, உதவி எண்ணில் சமரசம் பேசவும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ‘முழுத் திருப்தியோடு முடித்துக்கொள்கிறேன்’ என்று அவர்கள் அனுப்பும் எந்த மின்னஞ்சலுக்கும் ‘சரி’ என்று பதில் போடுவதற்கு முன் எனக்கோ பக்கத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கோ காட்டிவிடுங்கள்.